நாலு நூல் கம்பியும் 12 மில்லிக் கம்பியும் ஒன்றில்லை

மலேசியாவின் பிறையில் ஒரு தொழிற்சாலைக்குள் பெரிய பிரஸ் மிஷின் ஒன்றை உட்கார வைக்க கான்கிரீட் அடித்தளம் போட வேண்டியிருந்தது. மிஷின் அமெரிக்காவிலிருந்து வந்தது, அதோடு அடித்தள வரைபடமும் வந்தது. எங்கள் வேலை, அந்தப் படத்தைப் பார்த்து நம்மூர்க் கம்பியில் பட்டியல் போட்டு யார்டுக்கு ஆர்டர் கொடுப்பது. படத்தின் நடுவில் இப்படி ஒரு வரி:

```
#4 @ 12" O.C. E.W. T&B
```

எங்கள் ஆபீஸ் தம்பி இதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் `T12-300` என்று பட்டியலில் எழுதிவிட்டான். "அரை இஞ்ச்னா 12 மில்லிதானே அண்ணே, ஒரு அடின்னா 300 தானே" என்றான். நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். பட்டியல் இன்ஜினியரிடம் போய், சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. இருபது வருஷம் கம்பி பார்க்கிறவனுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் இந்தத் தப்பு எங்களுடையது மட்டும் இல்லை, சைட்டில் யாரைக் கேட்டாலும் "நாலாம் நம்பர்னா 12" என்றுதான் பதில் வரும். அது எங்கே பொருந்தும், எங்கே கவிழ்க்கும் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

## அந்த நம்பர் என்ன நம்பர்

என் பெரியப்பா தச்சர். அவர் வாயில் மில்லிமீட்டர் என்ற சொல்லே வராது. ஒரு இஞ்ச்சுக்கு எட்டு நூல், அவ்வளவுதான் அவர் கணக்கு. "அந்தச் சட்டத்தில் மூணு நூல் இழைச்சு எடு" என்றால் எட்டில் மூன்று இஞ்ச் எடுக்க வேண்டும் என்று அர்த்தம். அரை இஞ்ச் ஆணி அவருக்கு நாலு நூல் ஆணி. நம்மூர்ச் சீனர் ஹார்டுவேர் கடையிலும் அரை இஞ்ச் பைப்பை "நாலு பங்கு" என்று பொருள்படும் சீனச் சொல்லால்தான் கேட்பார்கள், அதுவும் எட்டில் நாலுதான்.

அமெரிக்கக் கம்பி நம்பர் இதே நூல் கணக்கு. `#4` என்றால் நாலு நூல் கம்பி, அதாவது எட்டில் நாலு, அரை இஞ்ச். `#5` ஐந்து நூல், `#6` ஆறு நூல், `#8` எட்டு நூல், அதாவது முழு ஒரு இஞ்ச். முன்னால் இருக்கும் அந்தக் குறி எண்ணிக்கை இல்லை, சைஸ். நாலு கம்பி வேண்டும் என்றால் `4-#5` என்று எழுதியிருப்பார்கள்: ஐந்து நூல் கம்பி நாலு. இதை மாற்றிப் படித்து ஐந்து கம்பி வெட்டியவர்களும் உண்டு.

மற்ற எழுத்துகளையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். `O.C.` என்றால் ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை உள்ள தூரம். `E.W.` என்றால் நீளவாக்கு, அகலவாக்கு இரண்டிலும். `T&B` என்றால் மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை.

## மில்லியை நூலாக்குவது

ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். அதை எட்டாகப் பிரித்தால் ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். கையில் இருக்கும் கம்பி எத்தனை நூல் என்று தெரிய வேண்டுமா, மில்லியை 3.175-ஆல் வகுத்தால் போதும்.

```
10 / 3.175 = 3.15
12 / 3.175 = 3.78
16 / 3.175 = 5.04
20 / 3.175 = 6.30
25 / 3.175 = 7.87
32 / 3.175 = 10.08
```

இந்த ஆறும்தான் நம்மூர் யார்டில் அதிகம் கிடைக்கும் சைஸ். விடைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 16 ஐந்துக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. 12 நாலைத் தொடவே இல்லை, கால் நூல் அளவுக்குக் கீழே நிற்கிறது. 20 ஆறைத் தாண்டிவிட்டது. ஏழு நூலுக்கு நம்மிடம் ஆளே இல்லை, 20-க்கும் 25-க்கும் நடுவில் அது மாட்டிக்கொள்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவு: நம்பர் என்பது நூல். மில்லியை 3.175-ஆல் வகுத்தால் நூல். வரும் தசமத்தை "கிட்டத்தட்ட" என்று உருட்டி விடுவதில்தான் எங்கள் தம்பி மாட்டினான்.

## ஏன் கால் நூல் பெரிய விஷயம்

தோசை ஊற்றுகிறவர்களுக்கு இது தெரியும். தோசையின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் மாவு இரண்டு கரண்டி போதாது, நாலு கரண்டி போகும். வட்டத்தின் பரப்பு அகலத்தின் வர்க்கமாக ஏறும், இறங்கும்.

கம்பியும் அப்படித்தான். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் வெடித்துவிடும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் கம்பி. இழுப்பைத் தாங்குவது கம்பியின் அகலம் இல்லை, கம்பியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டத்தின் பரப்பு. அதை வெட்டுப்பரப்பு என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினியர் கணக்குப் போடுவது அதில்தான், விட்டத்தில் இல்லை.

நாலு நூல் கம்பி 12.7 மில்லி. நம் கம்பி 12. விட்டத்தில் வித்தியாசம் ஐந்தரை சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. வெட்டுப்பரப்பில் பாருங்கள்: நம் 12-க்கு 113 சதுர மில்லிமீட்டர், அமெரிக்க அட்டவணை `#4`-க்குக் கொடுப்பது 129. பன்னிரண்டு சதவீதம் குறைவு. எட்டுக் கம்பி கட்டுகிற இடத்தில் ஒரு கம்பியைக் கழற்றித் தூரப் போட்டது மாதிரி. (வெறும் வட்டக் கணக்குப் போட்டால் 12.7-க்கு 126.7 தான் வரும். அவர்கள் 0.20 சதுர இஞ்ச் என்று முழுமைப்படுத்திக்கொண்டார்கள், அதுதான் 129. வடிவமைத்தவர் பயன்படுத்தியது அந்த எண், அதனால் நாமும் அதையே எடுக்க வேண்டும்.)

| படத்தில் | விட்டம், மி.மீ. | வெட்டுப்பரப்பு, ச.மி.மீ. | நம்மூரில் பக்கத்து சைஸ் | அதன் பரப்பு | வித்தியாசம் |
|---|---|---|---|---|---|
| `#3` | 9.5 | 71 | 10 | 79 | 11% கூடுதல் |
| `#4` | 12.7 | 129 | 12 | 113 | 12% குறைவு |
| `#5` | 15.9 | 199 | 16 | 201 | 1% கூடுதல் |
| `#6` | 19.1 | 284 | 20 | 314 | 11% கூடுதல் |
| `#7` | 22.2 | 387 | இல்லை | | |
| `#8` | 25.4 | 510 | 25 | 491 | 4% குறைவு |
| `#10` | 32.3 | 819 | 32 | 804 | 2% குறைவு |

மூன்று, ஐந்து, ஆறு இந்த மூன்றும் கவலை இல்லாதவை, பரப்பு சமமாகவோ கூடவோ வருகிறது. சைட்டில் "பக்கத்து சைஸைப் போடு" என்ற பழக்கம் உருவானதே இவற்றால்தான் என்று நினைக்கிறேன். மூன்று தடவை சரியாக வந்தால் நாலாவது தடவை யார் கணக்குப் போடுவார்கள்?

அட்டவணையில் கடைசி வரியைப் பார்த்து ஒருவர் சந்தேகப்படலாம்: பத்து நூல் என்றால் 31.75 அல்லவா வர வேண்டும், 32.3 எப்படி? எட்டு வரைதான் நூல் கணக்கு நேராக நிற்கும். அந்தக் காலத்தில் பெரிய சைஸ்களில் சதுரக் கம்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு இஞ்ச் சதுரம், ஒன்றேகால் இஞ்ச் சதுரம் என்று. பிறகு வட்டக் கம்பிக்கு மாறியபோது அந்தச் சதுரங்களின் பரப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குச் சமமான வட்டத்துக்கு `#9`, `#10`, `#11` என்று பெயர் கொடுத்தார்கள். அதனால் ஒன்பதிலிருந்து மேலே நூலால் பெருக்காதீர்கள், அட்டவணையை எடுத்துப் பாருங்கள்.

## எங்கள் அடித்தளத்தின் கணக்கு

சரி, அந்த ஒரு வரிக்கு வருவோம். தம்பி செய்த தப்பு ஒன்றில்லை, இரண்டு. ஒன்று கம்பி, மற்றது இடைவெளி. 12 இஞ்ச் 300 மில்லி இல்லை, 304.8. வேடிக்கை என்னவென்றால் இரண்டாவது தப்பு முதலாவதைக் கொஞ்சம் ஈடுகட்டியது: கம்பிகள் நெருங்கியதால் எண்ணிக்கை சற்றே கூடியது. ஆனாலும் போதவில்லை.

இப்படிப்பட்ட வலைக்குக் கணக்கு ஒரு மீட்டர் அகலத்துக்குப் போடுவார்கள். ஒரு மீட்டருக்குள் எவ்வளவு கம்பிப் பரப்பு விழுகிறது என்பதே கேள்வி. ஒரு கம்பியின் பரப்பை ஆயிரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுக்க வேண்டும்.

```
#4 @ 12"   : 129 x 1000 / 304.8 = 423
T12-300    : 113 x 1000 / 300   = 377
T12-275    : 113 x 1000 / 275   = 411
T12-250    : 113 x 1000 / 250   = 452
```

படம் கேட்டது 423. தம்பி கொடுத்தது 377, பதினொரு சதவீதம் குறைவு. 275-க்கு நெருக்கினாலும் இன்னும் எட்டவில்லை. 250-க்கு வந்தால் தாண்டிவிடுகிறது. 265 என்று போட்டாலும் சரியாக வரும், ஆனால் கம்பி கட்டுகிறவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு 265, 530, 795 என்று சாக்பீஸால் கோடு போடுவதை நினைத்துப் பாருங்கள். எங்கேயாவது ஒரு கோடு தவறும். 250 என்றால் மீட்டருக்கு நாலு, எண்ணவும் சுலபம், பிறகு செக் பண்ணவும் சுலபம். இன்ஜினியர் 250-தான் ஒப்புக்கொண்டார்.

கவனியுங்கள், இங்கே கம்பியின் சைஸை மாற்றவே இல்லை. 12 குறைவு என்றால் உடனே 16-க்குத் தாவ வேண்டியதில்லை, நெருக்கிக் கட்டினால் தீர்ந்தது. ஏழு நூல் கம்பிக்கும் இதே வழிதான். `#7 @ 12"` என்றால் மீட்டருக்கு 1270 வேண்டும். T20-250 போட்டால் 1257, மயிரிழையில் போதாது. T20-225 போட்டால் 1396. மெல்லிய கம்பியை நெருக்கிக் கட்டுவது பெரும்பாலும் கான்கிரீட்டுக்கும் நல்லது, வெடிப்பு மெல்லியதாகப் பரவும். ஜல்லி நுழைய இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: விட்டத்துக்கு விட்டம் பார்க்காமல், மீட்டருக்கு எவ்வளவு பரப்பு என்று இரண்டு பக்கமும் போட்டு, நம் பக்கம் குறையாமல் பார்ப்பது.

## "நம்ம கம்பி ஸ்ட்ராங் அண்ணே"

சிவப்பு வட்டம் வந்ததும் தம்பி சும்மா இருக்கவில்லை. அமெரிக்கக் கம்பி கிரேடு 60, நம்முடையது 500, அப்படியென்றால் குறைந்த பரப்பும் அதே வேலையைச் செய்யாதா என்று கேட்டான். நல்ல கேள்வி. கிரேடு என்பது, கம்பியை இழுத்துக்கொண்டே போனால் எந்த இடத்தில் அது பழைய நீளத்துக்குத் திரும்பாமல் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைச் சொல்லும் எண். அமெரிக்க 60 என்பது நம் அலகில் ஏறக்குறைய 420. இன்று நாம் வாங்கும் `B500B` கம்பிக்கு 500. பழைய படங்களில் நாம் பார்த்தது 460.

பரப்பை கிரேடால் பெருக்கிப் பார்த்தால் படம் கேட்பது மீட்டருக்கு 178 கிலோநியூட்டன். `B500B`-யில் T12-300 போட்டால் 188, தாண்டிவிடுகிறது! 460 கம்பி என்றால் 173, போதாது. அப்படியானால் தம்பி சொன்னது சரிதானா?

பாதிதான் சரி. மிஷின் அடித்தளத்தில் கம்பியின் வேலை உடைந்துபோகாமல் தாங்குவது மட்டும் இல்லை. கான்கிரீட் காய்ந்து சுருங்கும்போது வரும் வெடிப்பைப் பிடித்து வைப்பதும் அதன் வேலை. அந்த நேரத்தில் கம்பி கிரேடின் எல்லை வரைக்கும் போவதே இல்லை, சாதாரணச் சுமையில்தான் இருக்கிறது. அந்தச் சுமையில் எல்லா எஃகும் ஒரே மாதிரிதான் நீளும், 420-ஆனாலும் 500-ஆனாலும் விறைப்பு ஒன்றுதான். பரப்பு குறைந்தால் அதிகம் நீளும், வெடிப்பு அகலமாகும். கிரேடைக் காட்டி இதை ஈடுகட்ட முடியாது. இந்த இடத்தில் எந்தக் கணக்கு ஆள்கிறது என்பது வடிவமைத்தவருக்குத்தான் தெரியும், கம்பிப் பட்டியல் போடுகிறவன் தன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி கொடுக்கக் கூடாது.

## ஒரே ஒரு நம்பர் மட்டும் இரட்டை வேஷம்

இனி வருவதுதான் நிஜமாகவே ஆபத்தானது. அமெரிக்கர்கள் இடையில் மில்லிமீட்டருக்கு மாறப் பார்த்தார்கள். கம்பியை மாற்றவில்லை, பெயரை மட்டும் மாற்றினார்கள். அதே அரை இஞ்ச் கம்பிக்கு `#13`, ஐந்து நூலுக்கு `#16`, ஆறுக்கு `#19`. அந்தக் காலத்துப் படங்கள் இன்னும் சுற்றுகின்றன.

பழைய பெயர்கள்: 3, 4, 5, 6, 7, 8, 9, 10, 11, 14, 18. மில்லிப் பெயர்கள்: 10, 13, 16, 19, 22, 25, 29, 32, 36, 43, 57. இரண்டிலும் இருக்கும் எண் ஒன்றே ஒன்று, 10. நூல் கணக்கில் `#10` என்பது 32 மில்லித் தடியன். மில்லிக் கணக்கில் `#10` என்பது நம் மூன்று நூல் கம்பி, பத்துக்கும் குறைவு. பரப்பில் பதினொரு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

தனியாக `#10` என்று பார்த்தால் எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது. அதே படத்தில் மற்ற கம்பிகளைப் பாருங்கள். `#4`, `#6` இருந்தால் நூல். `#13`, `#19` இருந்தால் மில்லி. கம்பி நம்பர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் கிரேடைப் பாருங்கள்: 60 என்று இருந்தால் பெரும்பாலும் இஞ்ச், 420 என்றால் பெரும்பாலும் மில்லி. அப்போதும் சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

## யார்டில் கம்பியை அடையாளம் காண்பது

பட்டியல் திருத்திய பிறகு ஒரு கூத்து நடந்தது. யார்டிலிருந்து வந்த கட்டில் தம்பி வெர்னியரை வைத்து அளந்துவிட்டு ஓடி வந்தான். "அண்ணே, 13-ஐத் தாண்டுது, இது நிஜமாவே அரை இஞ்ச் கம்பி, பழைய இடைவெளியே போட்டுடலாம்!"

போய்ப் பார்த்தேன். வெர்னியரின் இரண்டு தாடையும் கம்பியின் முகடுகள் மேல் உட்கார்ந்திருந்தன. கான்கிரீட்டைப் பிடிப்பதற்காகக் கம்பியின் உடம்பில் குறுக்கே வரிவரியாகப் புடைத்திருக்குமே, அந்த முகடு. அதன் மேல் அளந்தால் 12 கம்பி 13-க்கு மேல் காட்டும். பள்ளத்தில் அளந்தால் 12-க்கும் குறைவாகக் காட்டும். முகடுள்ள கம்பிக்கு 12 என்பது எங்கேயும் நேராக அளந்து எடுக்கும் எண் இல்லை. அதே எடையுள்ள வழவழப்பான கம்பி எவ்வளவு தடிமன் இருக்குமோ, அதுதான் அதன் பெயரளவு விட்டம்.

அதனால் கம்பியை எடை போடுங்கள். விட்டத்தை வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும்.

```
12 x 12 / 162 = 0.889
```

12 கம்பி மீட்டருக்கு 889 கிராம். நிஜமான `#4` என்றால் 994. உருட்டாலையில் சில சதவீதம் கூடக் குறைய வரும், ஆனால் நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம் மறையாது. ஒரு துண்டைச் சரியாக ஒரு மீட்டருக்கு வெட்டி, ஆபீஸ் பேன்ட்ரியில் இருந்த மாவு நிறுக்கும் தராசில் வைத்தோம். 880 காட்டியது. ஐந்து நூலுக்கும் 16-க்கும் இந்தச் சோதனை உதவாது, ஒன்று 1.55 கிலோ, மற்றது 1.58. உதவாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே இரண்டும் ஒன்றுதான்.

படத்தின் திருத்திய பிரதியில் பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே `T12-250, B500B` என்று எழுதி, பக்கத்தில் 423, 452 என்ற இரண்டு எண்ணையும் போட்டு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். அமெரிக்கத் தரப்பிலிருந்து அந்த வரியைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. இந்த முறை பட்டியலில் நான் கையெழுத்துப் போடும் முன், கால்குலேட்டரை எடுத்துக் கொடுத்தது தம்பிதான்.